வெள்ளத் தெருவுக்கு ரப்பர் பூட்ஸ்: உயரம், பிடிப்பு, உள்துணி

கடையில் ரப்பர் பூட்ஸ் கேட்டால் முதலில் கால் சைஸ் என்ன என்று கேட்பார்கள். தண்ணீர் தேங்கும் தெருவில் நடப்பதற்காக வாங்குகிறவர் அதற்கும் முன்னால் கையில் வைத்திருக்க வேண்டிய அளவு வேறு ஒன்று: உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது? பூட்ஸின் உயரத்தை இந்த ஒரு அளவுதான் தீர்மானிக்கிறது. உயரம் தவறிப்போனால் எவ்வளவு நல்ல பிடிப்பும், எவ்வளவு நல்ல உள்துணியும் பயன்படாது. தண்ணீர் ஒரு முறை உள்ளே இறங்கிவிட்டால் அது வெளியே போக வழியே இல்லை.

இந்த அளவை எடுக்க மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். போன முறை தண்ணீர் வடிந்த பிறகு சுற்றுச்சுவரில், கேட்டில், மின்கம்பத்தில் ஒரு சேற்றுக்கோடு படிந்திருக்கும். அதன் அடியில் தரையிலிருந்து ஒரு டேப் வைத்துப் பாருங்கள். ஆனால் கோட்டின் உயரம் அந்தச் சுவர் நிற்கும் இடத்துக்கு மட்டுமே சரி. நீங்கள் நடக்கும் வழியில் எங்கே தரை தாழ்கிறது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். லேசான மழையிலேயே கடைசிவரை குட்டை நிற்கும் இடம்தான் அந்தத் தெருவின் பள்ளம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சேற்றுக்கோடு 17 சென்டிமீட்டர். வழியில் உள்ள பள்ளம் அதைவிட 4 சென்டிமீட்டர் தாழ்வு. ஆக, நிற்கும் தண்ணீர் 21. நீங்கள் நடக்கும்போது காலுக்கு முன்னால் தண்ணீர் மேடுகட்டி எழும். மெதுவாக நடந்தாலும் அதற்கு ஒரு 5 சென்டிமீட்டர் ஒதுக்க வேண்டும். மொத்தம் 26. வண்டிகள் போகும் தெருவானால் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அலை வந்து காலில் அடிக்கும். அதற்கு இன்னும் 8 அல்லது 9. இப்போது 35 வந்துவிட்டது. சுவரில் இருந்த கோடு 17தான். தேவைப்படும் பூட்ஸ் அதைப்போல் இரண்டு மடங்கு. கோட்டின் உயரத்தை மட்டும் பார்த்து, கெண்டைக்கால் பாதி வரை வரும் 25 சென்டிமீட்டர் பூட்ஸ் போதும் என்று வாங்குகிறவருக்கு முதல் வண்டி கடக்கும்போதே சாக்ஸ் நனைந்துவிடும்.

பூட்ஸின் உயரத்தைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி எடுக்காதீர்கள். சிலர் உள்ளே குதிகாலிலிருந்து அளக்கிறார்கள், சிலர் வெளியே தரையிலிருந்து அளக்கிறார்கள். முழங்கால் மடங்குவதற்காகப் பல பூட்ஸ்களில் வாய் விளிம்பு பின்பக்கம் ஓரிரு சென்டிமீட்டர் தாழ வெட்டப்பட்டிருக்கும். தண்ணீருக்கு விளிம்பின் மிகத் தாழ்ந்த புள்ளிதான் கணக்கு. தரையிலிருந்து அந்தப் புள்ளி வரை நீங்களே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சரி, எல்லாரும் உயரமான பூட்ஸையே வாங்கிவிடலாமே என்றால், கால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் சமமாக வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். அதில் 4, 5 சென்டிமீட்டர் கழித்தால் வருவதுதான் உங்கள் கால் தாங்கும் அதிகபட்ச உயரம். பின்மடிப்பு 38 என்றால் 33க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் படி ஏறும்போதெல்லாம் ரப்பர் விளிம்பு மடிப்பைக் குத்தித் தோலை உரித்துவிடும். இப்போது மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 33லிருந்து நடை அலைக்கு 5, வண்டி அலைக்கு 9 கழித்தால் மிஞ்சுவது 19. அதாவது, இவருக்கு அந்தத் தெருவில் 19 சென்டிமீட்டர் தண்ணீர் வரைதான் பூட்ஸ் உதவும். 21 நிற்கிற நாளில் ஓரமாக ஒதுங்கி வண்டியைப் போகவிட்டு நடந்தால் சமாளிக்கலாம். அதற்கும் மேல் என்றால் அந்த நாளுக்குப் பூட்ஸ் சரிப்படாது.

இந்த எல்லையைத் தாண்டினால் நடப்பது என்ன என்பதை எடையாகவே சொல்லிவிடலாம். பூட்ஸின் மேல் குழல் உட்சுற்றளவு 40 சென்டிமீட்டர், காலின் சுற்றளவு சராசரியாக 34 என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி 12.57ஆல் வகுத்தால் குறுக்குப் பரப்பு கிடைக்கும். குழலுக்கு 127 சதுர சென்டிமீட்டர், காலுக்கு 92. இடைவெளி 35. அது 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரம்பினால் கிட்டத்தட்ட 880 மில்லிலிட்டர். ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடுகிறது. மெலிந்த காலுக்கு அகன்ற குழல் என்றால், அதாவது 32க்கு 44 என்றால், இதே கணக்கில் 1.8 லிட்டர் பிடிக்கும். தண்ணீருக்குள்ளேயே நிற்கும்போது இந்த எடை தெரியாது, வெளியிலும் உள்ளும் ஒரே மட்டம் என்பதால். காலைத் தூக்கிப் படியில் வைக்கும் நொடியில்தான் முழு எடையும் காலை இழுக்கும். அந்தப் படி பெரும்பாலும் ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும்.

அதனால் குழல் காலோடு ஒட்டி இருப்பது அழகுக்காக அல்ல. சாக்ஸ் போட்ட காலுக்கும் குழலுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். கணுக்கால் பகுதி இன்னும் முக்கியம். சேற்றில் கால் புதைந்து தூக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகிப் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். கால் மட்டும் வெளியே வரப் பார்க்கும். கணுக்காலில் குறுகி வளைந்த வார்ப்பு இதைத் தடுக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் குழாய் போல இறங்கும் மலிவு பூட்ஸில் குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் மேலும் கீழும் ஓடும். போட்டுப் பார்க்கும்போது குதிகால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம். விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். மாலையில், நீங்கள் உண்மையில் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கி இருக்கும்.

இவ்வளவு இறுக்கம் சொன்ன பிறகு இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பூட்ஸ் நிரம்பிவிட்டால் கையால் தொடாமலே கழற்ற முடிய வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சிறு மேடு துருத்தியிருக்கும். மற்ற காலின் முனையால் அதை மிதித்துக்கொண்டு காலை உருவுவதற்காக வைத்தது அது. கடையிலேயே ஒரு முறை அப்படிக் கழற்றிப் பாருங்கள். நின்றபடி, எதையும் பிடிக்காமல் வர வேண்டும். உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும் என்றால், அது உங்கள் காலுக்கு இறுக்கமான பூட்ஸ், வெள்ளத்துக்கு ஆகாது.

தண்ணீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்பதையும் உயரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஓர் ஆளை நிலைகுலைய வைக்கும். 35 சென்டிமீட்டர் பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் அதில் இறங்கக் கூடாது. அகன்ற குழலை ஓடும் தண்ணீர் வெறுங்காலைவிட அதிகமாகத் தள்ளும். நிற்கும் தண்ணீரிலும் முன்னால் ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும்; மூடி பெயர்ந்த பாதாளச் சாக்கடைக்கு எந்த உயரமும் போதாது.

இனி கணுக்கால் உயரக் குட்டை ரக மழைக் காலணிகள். 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும், போடவும் கழற்றவும் எளிது, அலுவலகத்துக்கும் போட்டுப் போகலாம். மழை பெய்துகொண்டிருக்கும் தெருவுக்கு இவை நல்லவை, வெள்ளம் நிற்கும் தெருவுக்கு அல்ல. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் எலாஸ்டிக் பட்டை வைத்த ரகங்களில் அந்தப் பட்டை சாதாரண நெசவுத் துணியாக இருந்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும். அப்போது காலணியின் உண்மையான உயரம் பட்டை தொடங்கும் இடம் வரைதான். 14 சென்டிமீட்டர் என்று வாங்கியது நடைமுறையில் 8 அல்லது 9 ஆகிவிடும். பட்டையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள், உறிஞ்சினால் தெரிந்துவிடும். உயரமான பூட்ஸில் ஜிப்போ பக்கிளோ இருந்தாலும் இதே சோதனைதான். பக்கிளுக்குப் பின்னால் ரப்பர் மடிப்பு முழுதாக மூடியிருக்கிறதா, வெறும் பிளவா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள்ளும் வாசலிலும் சேறு வழிக்கும் வேலைக்கு மட்டும் குட்டை ரகத்தையே நான் விரும்புவேன். உட்கார்ந்து எழ உயரக் குழல் இடைஞ்சல் செய்யும்.

பூட்ஸின் எல்லையைத் தாண்டிய தண்ணீரில் போயே ஆக வேண்டும் என்றால், பின்பட்டையும் முன்பட்டையும் கொண்ட, உள்ளே வந்த தண்ணீர் உடனே வடிந்துவிடும் ரப்பர் சாண்டல் பூட்ஸைவிடப் பாதுகாப்பானது. கழிவுநீர் தோலில் படும் என்பது உண்மை. காலில் வெட்டு, வெடிப்பு, கொப்புளம் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே போகலாம். அப்படியானால் இறங்கவே வேண்டாம். இறங்கினால் வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிட வேண்டும். பிறகு காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் வெள்ளத்தில் நடந்ததைச் சொல்ல மறக்கக் கூடாது.

அடுத்தது பிடிப்பு. வெள்ளத் தெருவில் ஆள் விழுவது பெரும்பாலும் தண்ணீருக்கு நடுவில் அல்ல. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்போது எல்லாரும் மெதுவாகத்தான் நடக்கிறோம். கீழே சொரசொரப்பான தார் இருக்கிறது. விழுவது தண்ணீர் முடியும் இடத்தில். டைல்ஸ் போட்ட வாசல்படி, பாசி பிடித்த சிமென்ட் சரிவு, இரும்பு மூடி, சாலையில் பெயின்ட் அடித்த வெள்ளைக் கோடு, வண்டல் மெல்லியதாகப் படிந்த நடைபாதை. இங்கே வந்ததும் கால் வேகமெடுக்கிறது, குதிகால் முதலில் ஊன்றுகிறது, வழுக்குகிறது. ஆகவே வெள்ளத்துக்கான சோல் சேற்றுக்கும் ஈர டைல்ஸுக்கும் சேர்த்து ஈடுகொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் கேட்பது வேறு வேறு.

சேறு சோலின் அடியில் ஆழமான, தள்ளித் தள்ளி அமைந்த மேடுகளை, அதாவது பட்டன்களைக் கேட்கிறது. பட்டன் சேற்றில் இறங்கிப் பிடிக்கும். இடைவெளி அகலமாக இருந்தால் சேறு தானாக உதிர்ந்துவிடும். ஈர டைல்ஸோ நேர் எதிர். அங்கே சோலுக்கும் தரைக்கும் நடுவே தண்ணீரும் வண்டலும் ஒரு மெல்லிய படலமாக நிற்கின்றன. அதைப் பிழிந்து வெளியே தள்ள நிறைய கூர்மையான ஓரங்கள் வேண்டும், தள்ளிய தண்ணீர் ஓடிப்போகச் சோலின் விளிம்பு வரை திறந்த வாய்க்கால்கள் வேண்டும், பிறகு தரையோடு ஒட்ட நிறைய பரப்பு வேண்டும். வயல் வேலைக்கென்று வரும் ஆழப் பட்டன் பூட்ஸை வாசல்படியில் வைத்தால் நான்கைந்து சிறு முனைகளில்தான் ஆள் நிற்கிறார். பட்டன் பெரிதாக இருந்தால் பிடிப்பும் பெரிதாக இருக்கும் என்று நினைப்பது தவறு. தெருவுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம், நடுவே 3 மில்லிமீட்டருக்குக் குறையாத வாய்க்கால், ஒவ்வொரு பட்டனின் ஓரமும் மழுங்காமல் நேராக வெட்டியது போல இருப்பது: இதைத்தான் தேடுங்கள். குதிகாலின் பின்விளிம்பு கொஞ்சம் சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. முதலில் தரை தொடும் இடத்தில் கூர்முனைக்குப் பதில் ஒரு பட்டைப் பரப்பு கிடைக்கும். பாதத்தின் வளைவுக்குக் கீழே குதிகால் ஒரு சென்டிமீட்டராவது செங்குத்தாக இறங்க வேண்டும். படி இறங்கும்போது விளிம்பில் மாட்டிக்கொள்வது அந்தப் பகுதிதான்.

பட்டன் வடிவத்தைவிடப் பொருள் முக்கியம் என்பது என் கருத்து. இயற்கை ரப்பர் மென்மையானது, தரையின் மேடுபள்ளத்துக்குள் தன்னைப் பதித்துக்கொள்ளும். பி.வி.சி. வார்ப்பு விலை மலிவு, எடையும் கூடுதல், குளிரிலும் நாள்பட்டும் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பி.வி.சி. ஈர டைல்ஸில் கண்ணாடி மேல் கண்ணாடி வைத்தது போலத்தான். இரண்டையும் பார்த்தே பிரித்துவிடலாம். பி.வி.சி. பூட்ஸ் ஒரே வார்ப்பு. முன்னும் பின்னும் அச்சு சேர்ந்த கோடு மெல்லிய வரியாக ஓடும். ரப்பர் பூட்ஸ் பல துண்டுகளை ஒட்டிச் சூட்டில் பதப்படுத்தியது. விரல் முனையிலும் சோலைச் சுற்றியும் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரியும். ரப்பரின் மேல் சில நாளில் வெள்ளையாகப் பொடி பூக்கும். அது உள்ளிருந்து கந்தகமோ மெழுகோ மேலே வருவது; கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, துடைத்தால் போய்விடும். இயற்கை ரப்பருக்கு எதிரி எண்ணெய். தேங்கிய தண்ணீரில் டீசலும் பெட்ரோலும் மிதக்கும் தெருவானால், ஒவ்வொரு நாளும் கழுவாவிட்டால் சோல் ஊதிப் பிசுபிசுத்து, ஓரங்கள் மழுங்கிவிடும். பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப் உள்ள பக்கம் தினமும் நடப்பவர்களுக்கு நைட்ரைல் ரப்பர் சோல் தகுந்தது.

கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்துவது. கொஞ்சம் பதிந்து, விட்டதும் மீண்டுவர வேண்டும். நகம் சறுக்கிப் போனால் சோல் கெட்டி. வீட்டில் இன்னும் நன்றாகச் செய்யலாம். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு டைல்ஸ் துண்டை எடுத்து, சோப்பு கலந்த தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒற்றைப் பூட்ஸுக்குள் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து அதன் மேல் நிறுத்தி, டைல்ஸின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பூட்ஸ் எந்த உயரத்தில் நழுவுகிறது என்று அளந்துகொண்டு அடுத்த ரகத்தையும் அதேபோல் வைத்துப் பாருங்கள். ஒன்று 18 சென்டிமீட்டரிலும் இன்னொன்று 27லும் நழுவினால் இரண்டாவதன் பிடிப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு. இது நிற்கிற பூட்ஸின் பிடிப்பு. நடக்கும்போது கிடைப்பது வேறாகவே இருக்கும். ஆகவே எந்த ரகம் மேல் என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். புது சோலை அப்படியே சோதிக்காதீர்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய ஒரு வழவழப்பான பூச்சு அடித்திருப்பார்கள். அது பட்டன்களில் ஒட்டியிருக்கும். சோப்பும் நார்ப் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகே உண்மையான பிடிப்பு தெரியும். பூட்ஸ் வாங்கிய முதல் நாளே வழுக்கிவிட்டது என்று சொல்பவர்கள் பலர் இந்தப் பூச்சோடுதான் நடந்திருப்பார்கள்.

வேலைக்கான பாதுகாப்பு பூட்ஸ்களில் ஐ.எஸ்.ஓ. 20345 தரக் குறி இருக்கும். 2011 பதிப்பின்படி வந்தவற்றில் எஸ்.ஆர்.ஏ. என்றால் சோப்புநீர் தடவிய பீங்கான் டைல்ஸில் சோதித்தது, எஸ்.ஆர்.பி. என்றால் கிளிசரின் தடவிய எஃகில், எஸ்.ஆர்.சி. என்றால் இரண்டிலும் தேறியது. 2022 பதிப்பில் சோப்புநீர் டைல்ஸ் சோதனை எல்லாவற்றுக்கும் கட்டாயமாகிவிட்டது. கூடுதலாகக் கிளிசரின் தடவிய டைல்ஸில் தேறியதற்கு எஸ்.ஆர். என்ற குறி மட்டும் வரும். நம் வாசல்படிக்கு நெருக்கமானது சோப்புநீர் டைல்ஸ் சோதனைதான். எஸ்5 என்று குறியிட்டவற்றில் சோலுக்குள் ஆணி துளைக்காத தகடும் விரல்களுக்குக் கவசமும் இருக்கும். உடைந்த கண்ணாடியும் ஆணிப் பலகையும் மிதந்துவரும் இடத்தில் மீட்பு வேலை செய்பவர்களுக்கு அது தேவை. தினசரி நடைக்கு சோல் விறைப்பும் எடையும் பெரும்பாலோருக்குத் தொந்தரவாகவே இருக்கும். இந்தக் குறிகளைப் பார்த்து மின்சாரத்திலிருந்தும் காக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எஸ்5 பூட்ஸ்களும், அந்தத் தகடு இல்லாத எஸ்4 ரகமும் உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை மெல்லத் தரைக்கு விடுவதற்காகச் செய்தவை. மின்காப்புக்கான பூட்ஸ் தனி ரகம், தனிச் சோதனை. கம்பி அறுந்து கிடக்கும் தண்ணீரில் எந்த பூட்ஸோடும் இறங்கக் கூடாது.

உள்துணிக்கு வருவோம். ரப்பர் வெளித் தண்ணீரைத் தடுப்பது போலவே உள்ளிருக்கும் வியர்வையையும் வெளியே விடாது. ஒரு மணி நேரம் நடந்து கழற்றினால் சாக்ஸ் ஈரமாக இருப்பதைப் பார்த்துப் பூட்ஸ் ஒழுகுகிறது என்று பலர் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். ஈரம் கால் முழுக்கச் சமமாக, வெதுவெதுப்பாக இருந்தால் அது வியர்வை. ஓரிடத்தில், பெரும்பாலும் விரல் மடங்கும் வரியிலோ சோல் ஒட்டிலோ குளிர்ச்சியாகத் தொடங்கிப் பரவினால்தான் ஒழுகல்.

உள்துணி ஈரத்தை என்ன செய்கிறது என்பதே கேள்வி. துணியே இல்லாத பூட்ஸ் கழுவித் துடைத்ததும் காய்ந்துவிடும். ஆனால் சாக்ஸ் ரப்பரில் ஒட்டி இழுபடும், போட்டுக் கழற்றுவதும் கஷ்டம். மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் பின்னல் துணி ஒட்டியது வெப்பமான இடங்களில் வெள்ளத்துக்கு எனக்குத் தெரிந்து மிகச் சரியானது. சாக்ஸ் வழுக்கி உள்ளே போகும், நனைந்தாலும் ஓர் இரவில் காயும். பருத்தித் துணி கைக்கு இதமாக இருக்கும், ஆனால் நனைந்தால் இரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் நாற்றமும் பூஞ்சையும் வந்துவிடும். கம்பளி, செயற்கை ரோமம் எல்லாம் குளிர்ப் பிரதேசத்துக்கு. குளிர்ந்த தண்ணீரில் நீண்ட நேரம் நிற்க வேண்டியவர்களுக்கு நியோப்ரீன் உள்ளடுக்கு பொருந்தும். அந்த நுரைக்குள் தண்ணீர் புகாது, சூட்டையும் விடாது. வெப்பமான ஊரில் அதே குணம்தான் காலை வேக வைக்கும்.

துணி எதுவானாலும் ரப்பரோடு முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். ரப்பரிலிருந்து பிரிந்து மேலே வந்தால், நனைந்த பிறகு அது சுருண்டு மடிப்பாகும். ஒரே நடையில் குதிகாலில் கொப்புளம் போட்டுவிடும். அடுத்து உள்சோல். அது கழன்று வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒட்டிவிட்ட உள்சோலுக்கு அடியில் தண்ணீர் தங்கினால் எத்தனை நாள் வைத்தாலும் காயாது; நாற்றத்தின் ஊற்றும் அதுதான். கழன்று வருவது 4, 5 மில்லிமீட்டர் தடிப்பில் நுரை உள்சோலாக இருந்தால் தனியே எடுத்துக் கழுவி நிழலில் தொங்கவிடலாம். இன்னொரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் காலையில் ஈர உள்சோல் மேல் நிற்க வேண்டியதில்லை. வெளிர் நிற உள்துணியும் ஒரு வசதி. எந்த இடத்தில் சேற்றுநீர் கசிகிறது என்பதைக் கறை காட்டிக்கொடுக்கும்.

சாக்ஸ் பூட்ஸின் விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். குட்டை சாக்ஸ் நடக்க நடக்கக் குதிகாலுக்கு இறங்கிவிடும், விளிம்பு வெறும் தோலில் உரசும். பருத்தி சாக்ஸைவிடச் செயற்கை இழையோ கம்பளிக் கலப்போ நல்லது, ஈரத்தைத் தோலில் பிடித்து வைக்காது. நெடுநேரம் நிற்கும் வேலை என்றால் மாற்று ஜோடி ஒன்றை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துச் சாக்ஸை மாற்றிப் போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். தோல் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தால் உடனே மறுபடி போடாமல் காலைக் காயவிடுங்கள். மரத்துப்போவது, எரிச்சல் இரண்டும் ஈரத்தில் கால் அதிக நேரம் இருந்துவிட்டதன் அடையாளம்.

வீடு திரும்பியதும் முதல் வேலை வெளியே சேற்றை அலசுவது, குறிப்பாகப் பட்டன் இடுக்கில். காய்ந்து இறுகிய வண்டல் வாய்க்காலை அடைத்துவிட்டால் அடுத்த நாள் சோல் சமமான பலகைதான். உள்ளே கழிவுநீர் போயிருந்தால் உள்சோலை எடுத்துவிட்டுச் சோப்புநீர் ஊற்றி அலசி, இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு, கவிழ்த்து வடிய விடுங்கள். பிறகு நிமிர்த்தி, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் முனை வரை திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஈரத்தின் பெரும்பகுதி தாளுக்கு வந்துவிடும். மின்விசிறிக் காற்று போதும். வெயிலில் வைத்தால் ரப்பர் காய்ந்து மடிப்பு வரிகளில் மயிரிழை வெடிப்பு விடும். அடுப்புப் பக்கம் வைத்தால் ஒட்டு பிரியும். குழலை மடித்து வைக்கவும் வேண்டாம். மடித்த வரியில்தான் அடுத்த பருவத்தில் விரிசல் தொடங்கும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது துணியை வீணாக நனைக்கும். குழலின் வாயை இறுகச் சுருட்டிப் பிடித்துக் காற்றை உள்ளே அடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். ஓட்டையிலிருந்து குமிழி வரும். அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுப் போடலாம். இயற்கை ரப்பரில் சைக்கிள் டியூபுக்குப் போடும் பஞ்சர் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். அதே ஒட்டு பி.வி.சி.யில் சில நாளில் உரிந்துவிடும், அதற்கு பி.வி.சி.க்கான பசையும் வினைல் துண்டும் வேண்டும். விரல் மடங்கும் வரியில் வந்த வெடிப்பு மட்டும் எந்த ஒட்டுக்கும் நிற்காது, ஒவ்வொரு எட்டிலும் அந்த இடம் மடங்கி விரிகிறது.

எப்போது புதிது வாங்குவது என்பதை ஒழுகல் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூட்ஸைக் கவிழ்த்துக் குதிகாலின் வெளிப்பக்கப் பின்மூலையைப் பாருங்கள். நடையில் முதலில் தேய்வது அந்த இடம். அங்கே பட்டன் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டாலோ, கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு வழவழப்பான பரப்பு உண்டாகிவிட்டாலோ, குழலில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் அந்த ஜோடியை ஈர டைல்ஸுக்குப் போடாதீர்கள். வாசல் வரை காய்ந்த தரையில் தோட்ட வேலைக்கு அது இன்னும் சில காலம் உழைக்கும்.